மேஸ்திரியின் கையெழுத்தும் பாஸ்புக்கின் முதல் பக்கமும்

சித்தாள் வேலைக்குப் போகிற ஒருவரிடம் நியமன உத்தரவு இருக்காது, சம்பளச் சீட்டு இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி எண்ணிக் கொடுக்கும் கூலிதான் அவர் வேலை பார்த்ததற்கான ஒரே அடையாளம், அதுவும் திங்கட்கிழமைக்குள் செலவாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நலவாரியம் இருக்கிறது. ஆனால் அதில் பதிவு செய்யப் போனால் முதலில் கேட்பதே, ‘நீங்கள் இந்த வேலைதான் செய்கிறீர்கள் என்பதற்கு என்ன சான்று?’ என்றுதான். அதைத் தாண்டினால் அடுத்து வங்கிக் கணக்கு. ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம் எல்லாம் அநேகமாக எல்லோரிடமும் இருக்கின்றன. விண்ணப்பம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-ல் அமைந்தது. பிறகு தையல், சலவை, முடிதிருத்தல், கைத்தறி, மண்பாண்டம், ஆட்டோ ஓட்டுதல், வீட்டு வேலை, சமையல் என்று தொழில் வாரியாக வாரியங்கள் பெருகின. 18 வயது முடிந்து 60-ஐத் தொடாதவர்கள் சேரலாம். பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பம் tnuwwb.tn.gov.in என்ற தளத்தில் போகிறது. மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் அதைச் சரிபார்த்து ஏற்கிறது அல்லது திருப்புகிறது. ஊரில் எல்லோரும் ‘லேபர் ஆபீஸ்’ என்று சொல்வது இதைத்தான்.

சேர்வதற்கு முன் எந்த வாரியம் என்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு வாரியத்தில்தான் இருக்க முடியும். வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர் கட்டுமான வாரியத்துக்குப் போக வேண்டியவர். பெயர்ப் பலகை எழுதி, படம் வரைந்து பிழைப்பவருக்கு ஓவியர் நலவாரியம் தனியாக இருக்கிறது. வாய்ப்பேச்சில் இருவருமே ‘பெயிண்டர்’தான். மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிட்டால், பிறகு சான்றிதழில் ஒரு தொழிலும் விண்ணப்பத்தில் வேறு தொழிலுமாக நிற்கும். வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் பிடிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர் இதில் சேர முடியாது. அவர் அமைப்புசார்ந்த தொழிலாளர் கணக்கில் போய்விடுகிறார். முன்பு ஒரு மில்லில் இருந்தபோது தொடங்கிய பி.எஃப். கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் அதை மறைக்காமல் அலுவலகத்தில் சொல்லிவிடுவதுதான் நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. “எங்கிட்ட ஏற்கெனவே கார்டு இருக்கே” என்று பலர் எடுத்துக் காட்டுவது இ-ஷ்ரம் அட்டை. அது 2021 ஆகஸ்ட்டில் மத்திய அரசு தொடங்கிய தொழிலாளர் தரவுத்தளத்தின் 12 இலக்க எண். தொழிலாளி தானே சொன்ன விவரத்தை வைத்து அது கிடைத்துவிடும், வேலைச் சான்று எதையும் யாரும் கேட்பதில்லை. மாநில வாரியத்தின் கல்வி உதவிக்கோ திருமண உதவிக்கோ ஓய்வூதியத்துக்கோ அந்த எண்ணைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது.

இனி ஒருவரை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரிப் பக்கத்தில் ஒரு கிராமம். செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம், வயது 43. பதினைந்து வருடமாகச் சித்தாள். கலவை தூக்குவார், செங்கல் எடுத்துக் கொடுப்பார், கட்டிய சுவருக்குத் தண்ணீர் பிடிப்பார். வேலை இல்லாத நாளில் களை எடுக்கவும் போவார். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், படிப்புக்கு வாரியத்தில் உதவி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் இப்போது பதியக் கிளம்பியிருக்கிறார்.

“யாருகிட்டம்மா வேலை பாக்குறீங்க?”

“ஒருத்தருன்னு இல்லைங்கய்யா. யாரு கூப்பிடுறாங்களோ அங்க போவேன். இந்த மாசம் ரெண்டு மேஸ்திரிகிட்ட போனேன்.”

இந்தப் பதிலில்தான் வேலைச் சான்றின் முழுச் சிக்கலும் இருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் மனதில் ஒரு முதலாளி, ஒரு தொழிலாளி என்ற படம் இருக்கிறது. செல்விக்கு முதலாளி யார்? கூலி கொடுக்கிற மேஸ்திரியா, மேஸ்திரிக்கு வேலையைக் கொடுத்த ஒப்பந்தக்காரரா, வீடு கட்டுகிறவரா? வீடு கட்டுகிறவருக்கு இவர் பெயரே தெரியாது.

அதனால்தான் சான்று தரும் உரிமை ஒருவரோடு நின்றுவிடவில்லை. வேலை கொடுப்பவர் தரலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கம் தரலாம், கிராம நிர்வாக அலுவலர் தரலாம். தொழிலைப் பொறுத்து இதில் வேறுபாடு உண்டு. ஆட்டோ ஓட்டுபவருக்கு ஓட்டுநர் உரிமமே பாதிச் சான்று. கட்டுமானத்தில் போலிப் பதிவுகள் பற்றிய புகார்கள் நெடுநாளாக இருப்பதால் அங்கே கண் கொஞ்சம் கூர்மையாகவே இருக்கும். எந்தப் படிவம், யார் கையெழுத்து என்பதைத் தளத்தில் அந்தந்த வாரியத்துக்குரிய இடத்தில் பார்த்து அச்செடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிவிட்டு, ‘இந்தப் படிவத்தில் இல்லை’ என்று திரும்பி வந்தவர்கள் நிறைய.

மூன்று பேரில் யாரிடம் போவது? மேஸ்திரி கையெழுத்துப் போட யோசிப்பார். கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பி.எஃப். கட்டு, நஷ்டஈடு கொடு என்று வந்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இதே கதைதான். பத்து வருடமாகப் பாத்திரம் தேய்க்க வைத்த வீட்டம்மா, ஒரு கையெழுத்து என்றதும் “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பார். இந்தச் சான்று ‘இவர் இந்தத் தொழில் செய்கிறார், என்னிடம் வேலை பார்த்தார்’ என்பதற்குத்தான். அதைப் பொறுமையாகச் சொன்னால் மேஸ்திரிகளில் பாதிப் பேராவது இறங்கி வருவார்கள். அவரே வாரியத்தில் பதிந்த கொத்தனாராக இருந்தால் இன்னும் எளிது.

கிராம நிர்வாக அலுவலர் வேறு விதம். அவருக்குச் செல்வி யாரென்றே தெரியாமல் இருக்கலாம். புதிதாக மாறுதலில் வந்திருப்பார். விசாரித்துத்தான் கையெழுத்துப் போடுவார், போட வேண்டும். சாட்சிக்கு ஊரில் இரண்டு பேரையும், இப்போது நடக்கும் வேலையிடம் எது என்ற விவரத்தையும் கொண்டு போனால் வேலை நடக்கும். சங்கத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்தா வாங்குகிறார்கள், சில இடங்களில் அதற்கு மேலும் வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் எந்தக் காகிதத்தை எந்த மேசையில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தொழிற்சங்கச் சட்டப்படி பதிவு எண் உள்ள சங்கமா, வாங்கும் பணத்துக்கு ரசீது கொடுக்கிறார்களா என்று பார்த்துச் சேர்வதில் நஷ்டமில்லை.

சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் செல்வி படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘கூலித் தொழிலாளி’ என்று எழுதியிருந்தால் அது பயனற்ற சான்று. எந்தக் கூலி? களை எடுப்பதும் கூலிதான், மூட்டை தூக்குவதும் கூலிதான். ‘கட்டுமானப் பணியில் சித்தாள்’ என்று தொழிலின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். எவ்வளவு காலமாகச் செய்கிறார், இப்போது எந்த ஊரில் வேலை, கையெழுத்துப் போட்டவரின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், தேதி எல்லாம் வேண்டும். அந்த எண்ணுக்கு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்கலாம். கூப்பிடும்போது மேஸ்திரி, “எந்தச் செல்வி? நம்மகிட்ட நாலு செல்வி இருக்கே” என்று சொல்லிவிட்டால் கதை கந்தலாகிவிடும். கையெழுத்து வாங்கும்போதே அவரிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

கட்டுமானத் தொழிலாளருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1996-ல் வந்த மத்தியச் சட்டம், முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னது. பின்னால் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த 90 நாளை அப்படியே வைத்துக்கொண்டது. செல்வியைப் போன்றவர்களுக்கு 90 நாள் என்பது சிரமமே இல்லை, பல மேஸ்திரிகளிடம் சிதறிக் கிடப்பதுதான் சிரமம். தினக் காலண்டரில் வேலைக்குப் போன நாளை வட்டமிட்டு, பக்கத்தில் மேஸ்திரி பெயரை எழுதி வைக்கும் பழக்கம் சில பெண்களிடம் இருக்கிறது. கூலிக் கணக்குக்காகச் செய்வது அது. விசாரணைக்கு யாராவது வந்து நின்றால் அந்தக் காலண்டர் நன்றாகவே பேசும்.

களை எடுக்கப் போகும் நாட்களை வைத்து ஒரு கேள்வி எழலாம். விவசாயக் கூலிகளுக்கு வருவாய்த் துறை வழியாக உழவர் பாதுகாப்புத் திட்டம் தனியாக இருக்கிறது. கணவர் பெயரிலோ தன் பெயரிலோ அந்த அட்டை வீட்டில் இருக்கிறதா என்று செல்வி பீரோவைத் துழாவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால், இரண்டில் எது தனக்கு என்று லேபர் ஆபீசில் கேட்டு முடிவு செய்த பிறகே விண்ணப்பம் போடலாம்.

வேலைச் சான்று கையில் வந்துவிட்டது. அடுத்து பாஸ்புக்.

செல்வியிடம் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றும் இருக்கின்றன, மூன்றிலும் அவர் மூன்று ஆள். ஆதாரில் கணவர் கருப்பையாவின் முதலெழுத்தோடு ‘க. செல்வி’. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய வங்கிக் கணக்கில் அப்பா முத்துவின் எழுத்தோடு ‘மு. செல்வி’. ரேஷன் கார்டில் வெறும் ‘செல்வி’. இனிஷியல் மாறுவது நம் பெண்களுக்கெல்லாம் உள்ள சங்கடம். ஊருக்குத் தெரியும் எல்லாம் ஒரே ஆள்தான் என்று. கணினிக்கும், பணம் அனுப்பும் வங்கிக்கும் தெரியாது.

எதை மாற்றுவது? பலர் அவசரப்பட்டு ஆதாரைத் திருத்த ஓடுகிறார்கள். அது வேண்டாம் என்பேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அந்த வாய்ப்பைச் சின்ன விஷயத்துக்குச் செலவழிக்கக் கூடாது. வங்கியில் ஆதார் நகலும் ஒரு விண்ணப்பக் கடிதமும் கொடுத்து, கணக்கில் இருக்கும் பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றச் சொல்வது எளிது. மாற்றியதும் புதுப் பாஸ்புக் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் தளத்தில் ஏற்றப்போவது அதன் முதல் பக்கத்தைத்தான்.

பிறந்த தேதியில் மட்டும் கொஞ்சம் கவனம். ஆதார் எடுத்தபோது வயதை மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று தேதி விழுந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். இன்று இது ஒரு பொருட்டாகத் தெரியாது. ஆனால் 60 வயதில் ஓய்வூதியம் கேட்கும்போது எந்தத் தேதியில் 60 முடிகிறது என்ற கேள்வி வரும், அப்போது பதிவில் ஒரு தேதியும் சான்றில் இன்னொன்றும் இருந்தால் அலைச்சல்தான். ஆதாரில் அந்த ஒரே வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுவாக இருக்கலாம், கையில் உறுதியான ஆவணம் இருந்தால்.

சரி, பெயர் ஒத்துப்போய்விட்டது என்றே வைப்போம். செல்வியின் பாஸ்புக்கின் அட்டையில் ‘பாண்டியன் கிராம வங்கி’ என்று இருக்கிறது. அந்த வங்கியே இப்போது இல்லை. 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. பழைய பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இன்று செல்லாது. 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்த அலகாபாத் வங்கி, கனரா வங்கியோடு இணைந்த சிண்டிகேட் வங்கி ஆகியவற்றின் பாஸ்புக்கைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். தளத்தில் விண்ணப்பம் ஏறிவிட்டாலும் பணம் அனுப்பும் நாளில் அது திரும்பிவிடும்.

ஐ.எஃப்.எஸ்.சி.யை எழுதும்போது நடக்கும் ஒரு தவறு எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும். அதில் மொத்தம் 11 இடம். முதல் நான்கு ஆங்கில எழுத்து, வங்கியைக் குறிப்பது. ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஆங்கில ‘ஓ’ என்று நினைத்துத் தட்டிவிடுவார்கள். பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாலு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத பிழை அது. கணக்கு எண்ணில் தொடக்கத்தில் பூஜ்யங்கள் இருந்தால் அவற்றையும் விடாமல் அடிக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாத பாஸ்புக்குகளும் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுவின் பாஸ்புக்கைத் தன்னுடையது என்று எண்ணிக் கொண்டு வருவார்கள். ஊக்குநர் என்பதால் அதில் தன் படம் ஒட்டியிருக்கும், ஆனால் கணக்கு குழுவினுடையது. கணவர் முதல் பெயராகவும் தான் இரண்டாவது பெயராகவும் இருக்கும் கூட்டுக் கணக்கும் வேண்டாம். தன் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். அதுவும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை என்றால் வங்கி அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடும். ஆதார் நகலைக் கொடுத்து, மீண்டும் இயக்கச் சொல்லி, ஒரு நூறு ரூபாயாவது போட்டு எடுத்து, பாஸ்புக்கில் அந்த வரி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு நகல் எடுப்பதுதான் முறை.

“உரிமைத் தொகை ஆயிரம் ரூவா மாசாமாசம் விழுதே, அந்தக் கணக்கையே குடுத்துறலாமா?” என்று செல்வி கேட்பது நியாயம். கொடுக்கலாம், அது உயிருள்ள கணக்கு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒன்றைத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். சில அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்துப் போகும். கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அந்தக் கணக்கில் போய் விழும். தொகை எந்த வங்கியில் விழுகிறது என்பதே தெரியாமல் குறுஞ்செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் வரி பதிந்து பார்த்து, விழுகிற கணக்கும் கொடுக்கப்போகிற கணக்கும் ஒன்றுதான் என்று தெரிந்தால் கவலையில்லை.

இவ்வளவும் முடிந்தால் தளத்தில் ஏற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆதார், ரேஷன் கார்டு, வயதுச் சான்று, புகைப்படம், வேலைச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றை நகல் பார்த்து நகல் எடுக்காமல் அசலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும். செல்போனில் படம் பிடித்தால் கட்டை விரல் மூலையை மறைத்துவிடும், அந்த மூலையில்தான் கணக்கு எண் இருக்கும். கோப்பின் அளவுக்கு வரம்பு உண்டு, அது பக்கத்திலேயே எழுதியிருக்கும். நியமனதாரர் பெயரையும் அவருடைய ஆதாரில் உள்ளபடி எழுத வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டால், செல்விக்கு ஏதாவது ஆகிவிட்ட பிறகு அதைச் சரிசெய்ய அவர் இருக்க மாட்டார்.

ஒரு கட்டத்தில் தொலைபேசி எண் கேட்கும். அதற்கு ஓ.டி.பி. வரும். செல்வியிடம் போன் இல்லை, மகனுடைய போனும் அவனோடு திருப்பூரில். மையத்துப் பையன், “பரவால்லக்கா, என் நம்பரையே போட்டுடுறேன்” என்பான். உதவிதான் செய்கிறான். ஆனால் அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் குறை இருக்கிறது என்று வரும் செய்தியும், ஏற்றுக்கொண்டோம் என்று வரும் செய்தியும், பிறகு உதவித் தொகை கேட்டு உள்ளே நுழையத் தேவையான எண்ணும் அவனுக்குத்தான் போகும். அவன் கடையைக் காலி செய்துவிட்டுப் போனால் செல்வியின் பதிவுக்கு வாசல் அடைந்துவிடும். வீட்டில் யாருடைய எண் மாறாமல் நிலைத்திருக்குமோ அதைக் கொடுக்க, ஒருநாள் தாமதமானாலும் பரவாயில்லை, காத்திருக்கலாம்.

அனுப்பியதும் ஒரு விண்ணப்ப எண் வரும். அதை அச்செடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதாது. திருப்பி அனுப்பினால் காரணம் தளத்தில் தெரியும். வேலைச் சான்று தெளிவில்லை, பெயர் பொருந்தவில்லை என்பவைதான் அடிக்கடி காணும் காரணங்கள். திருத்தி மீண்டும் அனுப்பலாம். நேரில் போக வேண்டி வந்தால், தாலுகா அலுவலகத்தில் போய் நின்று பயனில்லை, மாவட்ட லேபர் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். போகும்போது அசல்கள் அத்தனையும் கையில் இருக்கட்டும்.

ஏற்றுக்கொண்ட பிறகு அட்டையைத் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதில் பதிவு எண்ணும், எந்த நாள் வரை செல்லும் என்பதும் இருக்கும். பதிவு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கும்போது மறுபடியும் வேலைச் சான்று வேண்டும். இப்போது கையெழுத்துப் போட்ட மேஸ்திரி அப்போது அந்தத் தொழிலில் இல்லாமல் போகலாம். செல்வி 43-ல் பதிந்தால் 60-க்குள் மூன்று முறை புதுப்பிக்க வேண்டி வரும். நடுவில் வங்கி மாறினாலோ போன் எண் மாறினாலோ அன்றே திருத்தக் கேட்க வேண்டும், புதுப்பிக்கும் தேதி வரை தள்ளிப்போடக் கூடாது. மகளின் பத்தாம் வகுப்புக்கான உதவியைப் பொறுத்தவரை, பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதியைப் பார்த்துத்தான் அது கிடைக்குமா என்பது தெரியும். அதனால் செல்வி அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கும்போதே, மேஸ்திரியிடம் படிவத்தையும் நீட்டிவிடுவது நல்லது.